இரண்டின் அடுக்கில் ஒன்பது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று என் கணவர் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதனால்தான் அன்று காலை நான் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“அங்க போய் யார்கிட்டயும் வாயக் கொடுக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிரிச்ச முகமா இரு.”

“நான் என்ன பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடியா நிக்கப் போறேன்? கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போறேன்” என்றேன்.

“அதத்தான் சொல்றேன்” என்றார் அவர், பாவமாக.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பிள்ளைகள் பிறந்ததும் ஆசிரியை வேலையை விட்டவள் நான். மறுபடி வேலை தேடிப் போன பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஒரே பாட்டுத்தான்: “இத்தனை வருஷ இடைவெளி இருக்கே மேடம், டச் விட்டுப் போயிருக்குமே?” கடைசியாக ஒரு தலைமையாசிரியரிடம், “சைக்கிள் ஓட்டுறது மறக்குமா சார்?” என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த வேலையும் போனது. இதற்கிடையில் நாத்தனார் வீட்டுக்காரர் தன் கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு எடை போட்டு ரசீது ஒட்டும் இடம் ஒன்று காலி என்று சொல்லி, மறுநாளைக்குள் பதில் கேட்டிருந்தார். நல்ல மனுஷன், உதவியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்தால் பிறகு நான் கரும்பலகை பக்கம் திரும்பவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இந்தப் பள்ளிதான் என் கடைசி வாய்ப்பு.

அங்கே தேர்வு முறை சுருக்கமானது. நேர்காணல் கிடையாது. வகுப்பு வாசலில் ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். அதிலிருக்கும் கணக்கை உள்ளே இருக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் நடத்த வேண்டும். முதல்வரும் கணக்குத் துறைத் தலைவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். காலையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் வேறு வேறு பிரிவுகளில் நடத்திவிட்டுப் போயிருந்தார்கள். இருவருமே என்னைவிட இளையவர்கள், இஸ்திரி கலையாமல் வெளியே வந்தார்கள்.

என் சீட்டில் இரண்டு சமன்பாடுகள் இருந்தன. கரும்பலகையில் எழுதினேன்.

2ˣ + 3ʸ = 17
2ˣ⁺² − 3ʸ⁺¹ = 12

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு விரலில் சாக்கட்டி. எவ்வளவு நாள் பட்டினி கிடந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“பார்த்தா பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு மிஸ்” என்றது முன் பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். முழங்கையில் மை அப்பியிருந்தது.

“பயப்படவேண்டாம். இது வேஷம் போட்ட சாதாரணக் கணக்கு. வேஷத்தக் கலைச்சிடலாம். 2ˣ⁺² அப்படின்னா என்ன?”

“2ˣ ஐ 2² ஆல பெருக்கணும் மிஸ். நாலு மடங்கு.”

“அதே மாதிரி 3ʸ⁺¹?”

“3ʸ இன் மூணு மடங்கு.”

“அவ்வளவுதான். 2ˣ க்கு a ன்னு பேர் வைப்போம், 3ʸ க்கு b. இப்போ பாருங்க.”

a + b = 17
4a − 3b = 12

வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. அடுக்குகள் மறைந்து, கீழ்வகுப்பிலேயே பார்த்துப் பழகிய முகங்கள் வந்துவிட்டன. b என்பது 17 − a என்று எடுத்து இரண்டாவதில் பிரதியிடச் சொன்னேன். பிள்ளைகளே சொல்லச் சொல்ல எழுதினேன்: 4a − 51 + 3a = 12. அப்படியானால் 7a = 63.

“a ஒன்பது!” என்று கத்தினார்கள். “b எட்டு!”

“அப்போ 2ˣ = 9, 3ʸ = 8” என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தேன்.

இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் நான்கு, எட்டு, பதினாறு. ஒன்பது எங்கே வரும்? மூன்றைப் பெருக்கினால் மூன்று, ஒன்பது, இருபத்தேழு. எட்டு எங்கே வரும்? மாறி வந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். எட்டும் ஒன்பதும் வீடு மாறிக் குடியேறிவிட்டதுபோல் நின்றன.

கடைசி பெஞ்சிலிருந்து துறைத் தலைவர் எழுந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள்.

“மேடம், எங்கயோ தப்புப் பண்ணிட்டீங்க. x மூணு, y ரெண்டு. விடை என் கையில இருக்கு.”

முன் பெஞ்சுப் பெண் தலையைக் குனிந்து கிசுகிசுத்தாள். “எங்க சாருக்குப் பேரே முழு எண் மிஸ். அவர் கணக்குல பின்னமே வராது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டச் விட்டுப் போயிருக்குமே என்ற அந்தப் பாட்டு காதுக்குள் கேட்டது. ஒரு கணம் அவர் சொன்னதையே எழுதிவிட்டு, சிரித்த முகமாக வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கரும்பலகையை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படித்தேன். ஒரு வரியிலும் பிசகில்லை. பிசகில்லாத வரியை எதற்காக அழிக்க வேண்டும்?

“சார் சொல்ற விடையைப் போட்டே பார்த்துடலாம்” என்றேன். “x மூணுன்னா a எட்டு. y ரெண்டுன்னா b ஒன்பது. கூட்டினா பதினேழு, சரி. ரெண்டாவதுல? நாலெட்டு முப்பத்திரண்டு, மூவொன்பது இருபத்தேழு. கழிச்சா?”

“அஞ்சு!” என்றது வகுப்பு.

“பலகையில என்ன இருக்கு?”

“பன்னெண்டு!”

“நம்ம விடையப் போடுவோம். நாலொன்பது முப்பத்தாறு, மூவெட்டு இருபத்துநாலு.”

“பன்னெண்டு!” இந்த முறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

துறைத் தலைவர் தன் தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். முதல்வர் கை நீட்டி என் சீட்டை வாங்கி ஒப்பிட்டார். அந்த அம்மாள் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

“ஆமா, அஞ்சுன்னுதான் இருக்கணும்” என்றார் துறைத் தலைவர். “டைப் அடிக்கிறப்போ அடுத்த கணக்கோட எண்ணைப் போட்டுட்டாங்க. அப்போ இந்தக் கணக்கே தப்பு. ஒன்பது ரெண்டோட அடுக்குல வராது. இதுக்கு விடை கிடையாது. பன்னெண்டை அழிச்சிட்டு அஞ்சு போட்டு நடத்துங்க மேடம்.”

தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடைக்காது. தப்பு என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அஞ்சு போட்டால் ஐந்து நிமிஷத்தில் மூன்றும் இரண்டும் வந்து, எல்லோரும் கைகுலுக்கலாம். டஸ்டரைக் கையில் எடுக்கவும் எடுத்தேன்.

ஆனால் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடை இருக்கிற கணக்கை விடை இல்லை என்று அவர்கள் முன்னால் அழிப்பதா? கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் கணவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு டஸ்டரைக் கீழே வைத்தேன்.

“விடை இருக்கு சார். முழு எண்ணா வரலைங்கிறதுதான் அதோட ஒரே குத்தம்.”

வகுப்பில் யாரோ விசிலடிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் முகம் சிவந்தது. நான் திரும்பி நின்று பிள்ளைகளிடமே பேசினேன்.

“2³ எட்டு. 2⁴ பதினாறு. ஒன்பது எங்க இருக்கு?”

“நடுவுல.”

“யார் பக்கத்துல?”

“எட்டுப் பக்கத்துல!”

“அப்போ x மூணைக் கொஞ்சம் தாண்டி எங்கயோ உட்கார்ந்திருக்கு. ஒன்பது பூஜ்யத்தைவிடப் பெரிசு, அதனால ரெண்டோட ஏதோ ஒரு அடுக்கு அதைத் தொட்டே ஆகணும். x மேல மாடியில இருக்கு. அதைக் கீழ இறக்கி விட உங்களுக்கு யார் தெரியும்?”

முன் பெஞ்சுப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். “லாக் மிஸ்! ரெண்டு பக்கமும் லாக் எடுக்கணும்!”

என் பல வருஷப் பட்டினி அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது. எழுதினேன்.

x log 2 = log 9, ஆகவே x = log 9 ÷ log 2
y log 3 = log 8, ஆகவே y = log 8 ÷ log 3

பின்வரிசையில் ஒருவன் கால்குலேட்டரைத் தட்டினான். 0.9542 ஐ 0.3010 ஆல் வகுக்க, x ஏறக்குறைய 3.170. இன்னொருத்தி 0.9031 ஐ 0.4771 ஆல் வகுத்து y ஏறக்குறைய 1.893 என்றாள். மூன்றைக் கொஞ்சம் தாண்டியதும், இரண்டுக்குக் கொஞ்சம் குறைந்ததுமாகப் பலகையில் வந்து நின்றன.

“ஏறக்குறையதானே?” என்றார் துறைத் தலைவர். குரலில் முன்போல் அதிகாரம் இல்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை. “இவ்வளவு தசமம் வர்ற கணக்குல பிள்ளைங்களுக்கு என்ன கிடைக்குது மேடம்?”

அந்தக் கேள்வியில்தான் நான் பலகையை இன்னொரு தடவை பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நானும் கவனிக்கவில்லை.

“ஒன்பதுங்கிறது மூணோட இருமடி. அப்போ log 9?”

“ரெண்டு log 3!”

“எட்டு ரெண்டோட மும்மடி. log 8?”

“மூணு log 2!”

“இப்போ x ஐயும் y ஐயும் பெருக்குங்க. கால்குலேட்டரக் கீழ வைங்க. கண்ணால பாருங்க.”

(2 log 3 ÷ log 2) × (3 log 2 ÷ log 3)

மேலே ஒரு log 3, கீழே ஒரு log 3. மேலே ஒரு log 2, கீழே ஒரு log 2. முன் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சாக்கட்டியைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். தசமம் எல்லாம் உதிர்ந்துபோய், மிச்சம் இரண்டும் மூன்றும் மட்டும் நின்றன.

“ஆறு!” என்று அவள் கத்தினாள். “மிஸ், ஏறக்குறைய இல்ல! சரியா ஆறு!”

வகுப்பே எழுந்து மேஜையைத் தட்டியது. பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது, அதைத் துடைத்ததில் முகமெல்லாம் சாக்கட்டித் தூள். வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பட்டதில்லை. இதை என் கணவர் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

துறைத் தலைவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பலகைக்கு வந்தார். தன் தாளிலிருந்த விடையைப் பார்த்தார். “மூணு, ரெண்டு. அதைப் பெருக்கினாலும் ஆறுதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“விடை கிடையாதுன்னு நான் சொன்னது தப்பு” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. அப்புறம் என்னிடம், குரலைக் கொஞ்சமும் தணிக்காமல்: “காலையில ரெண்டு பேருக்கும் இதே சீட்டுத்தான் கொடுத்தோம். ரெண்டு பேருக்கும் ஒன்பதுதான் வந்திருக்கு. தப்புன்னு நான் சொன்னதும் ரெண்டு பேருமே அழிச்சிட்டாங்க. நானும் அவங்க தடுமாறினதாத்தான் நினைச்சேன்.”

மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. முதல்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் முன் பெஞ்சுப் பெண் முந்திக்கொண்டாள்.

“மிஸ், நீங்க நாளைக்கும் வருவீங்களா?”

நான் துறைத் தலைவரைப் பார்த்தேன். துறைத் தலைவர் முதல்வரைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையசைத்தார்.

“வருவாங்க” என்றார் துறைத் தலைவர். “தினமும்.”