அக்கா போட்ட சிவப்புக் கோடு

அக்காவும் தங்கையும் வீட்டு மாடியில் நடத்திய வணிகவியல் டியூஷனில் லாபம் மூன்றுக்கு இரண்டு: அக்காவுக்கு மூன்று பங்கு, தங்கைக்கு இரண்டு. அக்கா ஆரம்பித்த இடம். பெஞ்சும் பலகையும் அவள் வாங்கிப் போட்டவை. அதில் தங்கைக்கு மனக்குறை இல்லை.

மூன்றாவது கூட்டாளியாகப் பொருளியல் டீச்சர் சேர்ந்தபோது, புது விகிதத்தையும் அக்காவே எழுதினாள்: ஐந்து, மூன்று, இரண்டு. டியூஷன் சம்பாதித்து வைத்திருந்த நற்பெயரில் தன் பங்குக்காகப் புதியவள் இருபதாயிரம் கொண்டுவந்தாள். அக்கா அதை இரண்டு கவரில் போட்டாள். தனக்குப் பன்னிரண்டாயிரம், தங்கைக்கு எட்டாயிரம்.

"பழைய விகிதத்துலயே பிரிச்சுட்டேன்டி. சரிதானே?"

தங்கைக்குச் சுருக்கென்றது. நற்பெயர்ப் பணத்தைத் தியாக விகிதத்தில், அதாவது புதியவளுக்காக யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்களோ அந்தக் கணக்கில் பிரிக்க வேண்டும். பத்துப் பங்கில் அக்கா ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கினாள். இவள் நான்கிலிருந்து மூன்றுக்கு. விட்டது ஆளுக்கு ஒன்று. வரவேண்டியது ஆளுக்குப் பத்தாயிரம்.

இரண்டாயிரம் போனால் போகிறது. ஆனால் தான் விட்டுக்கொடுத்தது அக்காவின் கண்ணுக்கே தெரியவில்லையே, அதுதான் உறுத்தியது. வாய் திறந்தாலோ, "எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?" என்று வீடு இரண்டாகும். கவரைப் பிரிக்காமல் மேசை டிராயரில் வைத்தாள்.

அந்த வாரத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது அவள் முறை. ஒரு செருப்புக் கடை, இரண்டு கூட்டாளிகள், மூன்றுக்கு இரண்டு. மூன்றாமவர் வருகிறார், புது விகிதம் ஐந்து, மூன்று, இரண்டு. நற்பெயருக்கு அவர் கொண்டுவருவது நாற்பதாயிரம். பிரித்துக் காட்டுக.

விடைத்தாள் திருத்துவது அக்கா. மூன்றாவது தாளிலேயே சிவப்புப் பேனா சீறி, ஒரு விடையின் குறுக்கே கோடு இழுத்தது.

"பாரு இந்தக் கூத்தை. இருபத்து நாலு, பதினாறுன்னு பழைய விகிதத்துல பிரிச்சிருக்கு. புது விகிதம் கொடுத்திருந்தா முதல்ல தியாகத்தைப் பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே."

"எவ்வளவு வரணும்க்கா?"

"ஆளுக்கு இருபது. ரெண்டு பேரும் ஒரே அளவுதானே விட்டுக்கொடுத்தாங்க..."

பேனா நின்றது. அக்கா கேள்வித்தாளை மறுபடி படித்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். தங்கை சுண்ணாம்புக்கட்டிகளை மிகவும் அக்கறையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"செருப்புக் கடையா?"

"சும்மா ஒரு கடைதான்."

"கழுதை. நேராச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன்தான்."

அக்கா எழுந்து பீரோவைத் திறந்தாள். தன் கவரிலிருந்து இரண்டாயிரத்தை எடுத்துத் தங்கையின் டிராயரில், பிரிக்காத கவருக்கு மேலே வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள், அடித்த விடையின் பக்கத்தில் ஒரு மார்க் போட்டாள்.

"தப்பான விடைக்கு எதுக்கு மார்க்?" என்றாள் தங்கை.

"பாவம்டி. யாரு சொல்லிக் கொடுத்ததோ."

தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா அடுத்த தாளை எடுத்தாள்.