அந்த ஐந்து சொற்கள்

எங்கள் கிடங்கின் வாசலில் ஒரு பெரிய வெள்ளைப் போர்டு உண்டு. மேலே அன்றைய தேதி, அதற்குக் கீழே 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி ஓர் எண். தினமும் காலையில் எங்கள் மேற்பார்வையாளர் தன் கையாலேயே எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவார். வேறு யாராவது மார்க்கரைத் தொட்டால் அவருக்குப் பொறுக்காது. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் போர்டுக்காரர். அன்றைக்கு எண் 299. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து முந்நூறைக் கொண்டாடுவதாக இருந்தது. அவர் புதுச் சட்டைகூட எடுத்து வைத்திருந்தாராம்.

நான் அங்கே பேக்கிங் பிரிவு. முதலுதவிப் பொறுப்பும் என் தலையில்தான். மூன்று நாள் பயிற்சி, கையில் கட்ட ஒரு பச்சைப் பட்டை, ஒரு பெட்டி. என் அண்ணன் அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

அன்று காலை கேட்டில் என்னைப் பிடித்து நிறுத்தினான். முகமெல்லாம் பல்.

"பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு. நேத்து ராத்திரிதான் கடிதம் வந்துச்சு. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

பாப்பா என்றால் அவன் மகள். இரண்டு வருடமாக அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நான் அவன் தோளில் ஓர் அடி போட்டு, "இனிப்பு எங்க?" என்றேன். "சாயங்காலம் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனான்.

பத்தரை மணிக்கு ஏழாம் வரிசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பலகையில் அடுக்கிய சரக்கு சாய்ந்திருக்கிறது என்று அண்ணன் வண்டியை விட்டு இறங்கிக் குனிந்திருக்கிறான். இரண்டாம் தட்டிலிருந்து கதவுக் கைப்பிடிகள் உள்ள அட்டைப்பெட்டி வழுக்கி, அவன் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் அடித்துவிட்டு விழுந்தது. அவனும் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். நான் போகும்போது அவனாகவே எழுந்து, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ரத்தம் இல்லை. மயங்கவும் இல்லை. கழுத்து வலிக்கிறதா, கைகால் மரத்துப்போகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். தலை மட்டும் விண்விண் என்று வலிக்கிறதாம்.

"ஹெல்மெட் போட்டிருந்தான்ல? அப்புறம் என்ன?" என்றார் போர்டுக்காரர். "உன் கார்டைக் கேட்டு முடிம்மா. லாரி நிக்குது."

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கும். என்ன தேதி, எங்கே இருக்கிறோம், அடிபடும் முன் என்ன செய்துகொண்டிருந்தோம். பிறகு ஐந்து சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும், ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல வேண்டும். நேராக நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் தேதியையும் ஐந்து சொற்களையும் மட்டும் கேட்டேன். "குடை, மணல், பாலம், கத்தரி, எலுமிச்சை" என்று அண்ணன் மளமளவென்று ஒப்பித்தான். தேதியும் சரி. "பாஸ்!" என்று போர்டுக்காரர் கைதட்டினார். லாரி நிற்கிறது என்று அவர் அவசரப்படுத்தியதும் மற்றக் கேள்விகளை நான் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் பொங்குகிறது.

"மத்தியானம் வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது" என்று மட்டும் அடம் பிடித்து, அவனை ஓய்வறையில் உட்கார வைத்தேன்.

பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

சந்தோஷத்தில் திரும்பச் சொல்கிறான் என்று நினைத்தேன். அதையும் விட்டுவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குப் போனபோது ஓய்வறையிலிருந்த வாளி அவன் காலடியில் இருந்தது. வாந்தி எடுத்திருந்தான். கண் பாதி மூடிக் கிடந்தது. தோளைத் தட்டினால் விழிக்கிறான், விட்டால் சொருகிவிடுகிறது.

"அண்ணே, என்ன பண்ணுது?"

"குமட்டுது. தலைவலி கூடிக்கிட்டே போகுது." என் பக்கம் திரும்பினான். "ஏய், உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு."

மூன்றாவது முறை. முதல் முறை சொல்வதுபோல அதே முகம், அதே குரல்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு போர்டுக்காரர் வந்தார். கையில் ஃபோர்க்லிஃப்ட் சாவி.

"எழுந்திருப்பா. ரெண்டாவது லாரியும் வந்துருச்சு. ஒரு பத்துப் பலகை இறக்கிட்டு வந்து படுத்துக்கோ."

என் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? எழுந்தான். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சாவிக்குக் கையை நீட்டினான். இருபது வருடப் பழக்கம். சாவியைக் கண்டால் கை நீளும். ஆட்கள் நடமாடுகிற இடத்தில்தான் அந்த வண்டியை ஓட்ட வேண்டும்.

நான் சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அவர் வாந்தி எடுத்திருக்காரு சார்."

"காலையில சாப்பிட்டது ஒத்துக்கல போலிருக்கு. அதான் டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டானே? அஞ்சும் சொன்னான்ல?"

அஞ்சும் சொன்னான். அந்த வார்த்தை என் மண்டையில் உறைத்தது. மாதாமாதம் பயிற்சி நடக்கிறது. மாதாமாதம் ஒருவர் அடிபட்டவராக நடிப்பார், நான் அதே கார்டைப் பிடித்துக்கொண்டு அதே ஐந்து சொற்களைக் கேட்பேன். இங்கே எல்லோருக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. டீ நேரத்தில் ஒருத்தன் "குடை" என்றால் இன்னொருத்தன் "மணல்" என்பான், அப்படியே எலுமிச்சை வரைக்கும் ஓடும். என் அண்ணனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நான் அவன் மூளையைச் சோதிக்கவில்லை, கிளிப்பிள்ளைப் பாடத்தைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். தேதி? அவன் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே போர்டு. படித்துச் சொல்லியிருக்கிறான்.

"நில்லுங்க சார். இப்ப உங்க முன்னாடியே கேக்கறேன்." அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, உக்காரு. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. சீப்பு, தேன், ஏணி, ரயில், போர்வை."

நெற்றியைச் சுருக்கினான். "சீப்பு..." என்றான். வெகுநேரம் கழித்து, "குடை" என்றான்.

"மாசத்தைப் பின்னாடியிருந்து சொல்லு. டிசம்பர், நவம்பர்..."

"நவம்பர்... டிசம்பர்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் வாளியை இழுத்துக்கொண்டான். இரண்டாவது வாந்தி. நான் போனை எடுத்தேன்.

"யாருக்கும்மா போன்?"

"ஆம்புலன்ஸுக்கு."

"ஆம்புலன்ஸ் எதுக்கு? கேட்டுல பதிவாயிடும். நாளைக்கு ஆளுங்க வர்றாங்கன்னு தெரியும்ல? என் கார்ல அனுப்பறேன், வயித்து வலின்னு சொல்லிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் குரல் கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"வயித்து வலியா? தலையில அடிபட்டவன் ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்கான், தலைவலி கூடுது, தூங்கித் தூங்கி விழறான், எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்னே தெரியல. உள்ள ரத்தம் கசிஞ்சா உங்க கார்ல என்ன பண்ணுவீங்க? நகருங்க சார்."

அவர் நகர்ந்தார். போனில் கேட்டவரிடம் அடிபட்ட நேரம், வாந்தி எடுத்த நேரம், குழப்பம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வண்டி வரும் வரை அவனைத் தனியாக விடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் நாலாவது முறையாக எனக்குத்தான் முதலில் அந்தச் செய்தியைச் சொன்னான். அப்போதுதான் கேட்பதுபோல "அப்படியா அண்ணே!" என்றேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா அவன் கண்மணிகளில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கைகால் பலம் பார்த்தார், உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். போர்டுக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். முடிவு வர ஒரு மணி நேரம். ரத்தக்கசிவு இல்லை, எலும்பில் விரிசல் இல்லை. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். போர்டுக்காரர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா? ஒண்ணுமில்ல. ஊரையே கூட்டிட்டே. அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாம்ல டாக்டர்?"

டாக்டரம்மா கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேனா? ரத்தம் கசியலன்னு சொன்னேன். ஸ்கேன் எடுத்ததே அதுக்குத்தான். மூளை குலுங்கினது படத்துல தெரியாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாத்தும், உள்ள மூளை ஆடறதைத் தடுக்காது. இவர் சொன்னதையே சொல்றாரு, வாந்தி, வெளிச்சம் ஆகல, நிக்கச் சொன்னா தள்ளாடறாரு. இதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். மூளை அதிர்ச்சிதான் இது. வண்டி ஓட்டறதை நான் பாத்துச் சொல்ற வரைக்கும் நினைச்சே பாக்காதீங்க. இது ஆறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா ஆபத்து."

அன்று அவனைக் கண்காணிப்பில் வைத்து, மறுநாள் காலையிலேயே அனுப்பினார்கள். கூடவே ஆள் இருக்க வேண்டும், மறுபடி வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறினாலோ, எழுப்பினால் எழும்பாவிட்டாலோ அந்த நிமிடமே கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கேட்டில் என்னை நிறுத்திச் சொன்னது அவனுக்கு நினைவிலேயே இல்லை. அந்தக் காலைப்பொழுது அவனுக்கு இன்றுவரை திரும்பவில்லை.

அவனை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கிடங்குக்குப் போனேன். வாசலில் பலூன்கள். போர்டில் 300. விருந்தினர்கள் இன்னும் வரவில்லை. போர்டுக்காரர் புதுச் சட்டையில் நின்றார்.

நான் மார்க்கரை எடுத்தேன். உள்ளங்கையால் முந்நூறை அழித்தேன். பெரிதாக ஒரு பூஜ்ஜியம் போட்டேன்.

"யாரைக் கேட்டும்மா எழுதினே?" பாய்ந்து வந்தார். "அவன்தான் நல்லா இருக்கானே! வயித்துக் கோளாறுன்னு நான் பதிவு பண்ணியாச்சு. நானும் அங்கதானே இருந்தேன், எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். நான் மார்க்கரை மூடினேன்.

"இருந்தீங்க சார். நேத்து ஓய்வறையில உங்க முன்னாடி எங்க அண்ணன்கிட்ட புதுசா அஞ்சு சொல் கேட்டேன். அதுல ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க, நானே அழிச்சுட்டு முந்நூறு எழுதறேன்."

அவர் வாயைத் திறந்தார். "குடை..." என்றார். "மணல்..."

யாரும் சிரிக்கவில்லை.

"உங்க தலையில எதுவும் விழலையே சார்" என்றேன்.

பூஜ்ஜியம் அப்படியே இருந்தது. பத்து மணிக்கு வந்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள்.