இரண்டா, மைனஸ் ஒன்றா

விடைத்தாள் திருத்தும் அறையில் விடைக்குறிப்பு என்னுடையது. தலைமைத் திருத்துநர் என்ற தலைக்கனமும் என்னுடையதுதான். எதிர் மேசை ஆசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஏன் மேடம்’. ஒரு தாளில் ‘ஆகவே’ என்று இருந்தால் போதும், ஓரத்தில் ‘ஏன்?’ என்று எழுதிவிடுவார். நாங்கள் முப்பது தாள் முடிப்பதற்குள் அவர் பத்தைத் தாண்டமாட்டார்.

தோல்வியடைந்த தாள்கள் மறுபார்வைக்கு அவரிடம் போகும். மூன்றாம் நாள் காலை, அப்படிப் போன ஒன்றோடு வந்து நின்றார். தேர்ச்சிக்கு நாற்பது, இதற்கு முப்பத்திரண்டு.

“ஏழாவது கேள்வி, சார். பத்து மார்க். நீங்க முட்டை போட்டிருக்கீங்க.”

ஒரு எண் தொடர்வரிசை, முதல் உறுப்பு 4. ஒரு உறுப்பிலிருந்து ஒன்றைக் கழித்து, வருவதால் இரண்டை வகுத்தால் அடுத்த உறுப்பு. பின்னத்துக்குள் பின்னமாக முடிவில்லாமல் போகும். போகப் போக அது நெருங்கும் எண், அதாவது எல்லை, என்ன?

போன ஆண்டு √(2+√(2+…)) கேட்டிருந்தேன். எல்லையை x என்று வைத்தால் x² − x − 2 = 0. தீர்வுகள் 2, −1. வர்க்கமூலம் எதிர்மறை ஆகாது, விடை 2. இந்தப் பின்னமும் அதே சமன்பாட்டில் வந்து விழுந்தது. பழைய விடையையே தூக்கி வைத்துவிட்டேன். இந்த மாணவர் −1 என்று எழுதியிருந்தார்.

“போட்டுப் பாத்தீங்களா சார்?”

“அதே சமன்பாடு. இதுல பாக்க என்ன இருக்கு?”

கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். வேண்டாவெறுப்பாகத் தட்டினேன். 4, 0.67, −6, −0.29, −1.56, −0.78, −1.12, −0.94. என் 2 பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தேன். மூன்றே வரி. உறுப்பிலிருந்து 2ஐக் கழித்ததை, உறுப்போடு 1 கூட்டியதால் வகுக்கிறார். அந்த விகிதம் ஒவ்வொரு படியிலும் −2 மடங்காகிறது. அளவில் அது முடிவின்றிப் பெருக வேண்டுமானால், கீழே இருக்கும் ‘உறுப்பு + 1’ பூஜ்யத்தை நெருங்கியாக வேண்டும். ஆகவே எல்லை −1. அந்த ‘ஆகவே’க்குப் பக்கத்தில் ‘ஏன் மேடம்’ எதுவுமே எழுதவில்லை. இருபது வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை. பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

“என்ன அழகு!” என்றேன்.

“ஆமா சார். நான் ரெண்டு தடவை படிச்சேன், ஆசைக்கு.”

முட்டையை அடித்துப் பத்து போட்டேன். முப்பத்திரண்டு நாற்பத்திரண்டானது. அதோடு விட்டிருக்கலாம், காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். ஆனால் இருநூற்றுச் சொச்சம் தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. என் குறிப்பை நம்பி இன்னும் எத்தனை −1க்கு முட்டை போட்டிருக்கிறோமோ!

எழுந்து நின்றேன். “எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க. ஏழாவது விடைக்குறிப்பு தப்பு. நான்தான் போட்டேன். முதல் கட்டுலேருந்து திரும்பப் பாக்கணும்.”

அறை முழுக்க ஒரே குரலில் “ஏன்?” என்றது. ‘ஏன் மேடம்’ மட்டும் கேட்கவில்லை. முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.