நூற்றில் அறுபது

நர்சுகளுக்கான உரிமத் தேர்வின் பாஸ் மார்க்கை முடிவு செய்ய எட்டு சீனியர் நர்சுகளைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் ஒருத்தி. வேலைக்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே உள்ள நூறு பேரில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்று கேள்விக்குக் கேள்வி சொல்ல வேண்டும். எல்லாருடைய எண்களின் சராசரியிலிருந்துதான் பாஸ் மார்க் வரும்.

ட்ரிப்ஸில் ஏற்றும் மருந்தின் அளவைக் கணக்கிடும் கேள்வி வந்தது. நான் தொண்ணூற்றைந்து போட்டேன். மற்றவர்கள் அறுபதை ஒட்டியே போட்டிருந்தார்கள்.

"ஏன் மேடம் இவ்வளவு?" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

"தப்பாப் போட்டா ஆளே காலி சார். எல்லாருக்கும் தெரிஞ்சே ஆகணும்!"

"தெரிஞ்சிருக்கணுங்கிறது வேற மேடம். தெரிஞ்சிருக்குமா? அதைச் சொல்லுங்க."

தட்டுத்தடுமாறிப் பாஸாகி என் வார்டுக்கு வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தேன். எண்ணைத் திருத்திக்கொள்ள விட்ட இரண்டாம் சுற்றில் அறுபது என்று எழுதினேன். பொய்யில்லை.

இடைவேளையில் அம்மா போன் செய்தாள். திங்கட்கிழமை அவளுக்கு ஆபரேஷன்.

"ஏண்டி, எனக்கு ட்ரிப்ஸ் போடுற பொண்ணு விவரமானவளா இருப்பாளா?"

"பாஸ் பண்ணவதாம்மா," என்றேன்.