இரண்டு மில்லிவினாடியில் ஒரு சொல்

அகல்யா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அதனால்தான் கோப்பு என் மேசைக்கு வந்தது.

புக்கிட் பெருவாங் என்ற ஊரில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். மாணவர்கள் இணையவழித் தேர்வு எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் எந்த நேரத்தில் விழுந்தது என்பதைப் பதிவு செய்யும் நிரலை எழுதியவன் நான். சந்தேகம் வந்தால் நிரல் சிவப்புக் குறி போடும். அகல்யாவின் தமிழ்த்தாளில் நூற்று எண்பத்து மூன்று சிவப்புக் குறிகள் இருந்தன.

அவள் செலண்டார் ஊர்ப் பெண். பாலர்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவில் கடைசி ஆண்டு. வியாழக்கிழமை ஒழுங்குக் குழு கூடும். குற்றம் உறுதியானால் கல்லூரியை விட்டு நீக்கம். ஒத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு தடை.

தேர்வுப் பிரிவுத் தலைவர் சாமிநாதன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலை.

"சுகு, இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் வெளக்கி சொல்லுப்பா. மெஷின் என்ன சொல்லுதுன்னு."

"மெஷின் என்ன சொன்னா எனக்கென்ன சார்? டைப் பண்ணது நான்," என்றாள் அகல்யா.

"இப்படியே கமிட்டியில பேசுனா அவ்வளவுதான் லா."

"பேசலைன்னாலும் அவ்வளவுதான சார்?"

சாமிநாதன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு எதுவும் இருப்பதாகக் கொஞ்ச காலமாக எனக்குத் தோன்றுவதில்லை. என் மனைவி ராகினி போன டிசம்பரில் இறந்தாள். ஒன்பதாவது நாள் வேலைக்கு வந்துவிட்டேன். அப்போதிருந்து எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். எதையும் பார்த்ததாக நினைவில்லை.

அகல்யாவிடம் விளக்கினேன். மனிதக் கை தட்டினால் எழுத்துக்கு எழுத்து நூறு மில்லிவினாடியிலிருந்து முந்நூறு வரை இடைவெளி இருக்கும். ஒரே சீராக இருக்காது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் நூற்றுக்கணக்கான எழுத்துகள் ஒரே கணத்தில் வந்து விழும். விசைப்பலகையில் ஒரு விசை சிக்கிக்கொண்டால் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். முதலில் அரை வினாடி தயங்கும், பிறகு முப்பது மில்லிவினாடிக்கு ஒன்றாக ஓடும். தானாகத் தட்டும் நிரல் என்றால் வெவ்வேறு எழுத்துகள் வேகமாக வரும். ஆனால் எந்த விசையும் அழுத்தப்பட்டிருக்காது.

"உன்னோடது கடைசி வகை. இங்க பாரு. இரண்டு மில்லிவினாடியில பதினாலு எழுத்து. விசை எதுவும் பதிவாகல."

அவள் திரையைப் பார்த்தாள். "அது என்னா வார்த்தை?"

பதிவில் எண்கள்தான் இருந்தன. விடைத்தாளைத் திறந்து அந்த இடத்தைத் தேடினேன். "படிக்கிறார்கள்" என்று இருந்தது.

"சார், அதுல எட்டு எழுத்துதான் இருக்கு."

நான் எண்ணினேன். ப, டி, க், கி, றா, ர், க, ள். எட்டு. கணினிக்கு டி என்பது இரண்டு குறியீடு, ட ஒன்று, அதன் கொக்கி ஒன்று. க் என்பதும் இரண்டு, புள்ளி தனி. அப்படிக் கூட்டினால் பதினான்கு. பள்ளிக்கூடத்தில் எண்ணியதுபோல இந்தப் பதிவில் நான் எதையும் எண்ணிப் பார்த்ததில்லை.

"எந்தக் கம்ப்யூட்டர்ல எழுதுன?"

"என் லேப்டாப்ல. லேப்ல எடம் இல்லன்னு சார்தான் பெர்மிஷன் குடுத்தாரு." சாமிநாதன் தலையாட்டினார்.

"தமிழ் எப்படி அடிப்ப?"

"இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வருமே, அதான். பி, ஏ, டி, ஐ... ஸ்பேஸ் தட்டுனா வார்த்தை வந்துரும்."

அவளை அனுப்பிவிட்டு மடிக்கணினியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அவள் ரோமன் எழுத்தில் தட்டும்போது சொல் பாதியில் இருக்கும். தேர்வுப் பக்கத்தைப் பொறுத்தவரை அது இன்னும் வரவில்லை. பாதிச் சொற்களைப் பதிவு செய்ய வேண்டாம் என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். அப்போது அழுத்தப்படும் விசைகளையும் அந்த வரி தள்ளிவிட்டது. இடைவெளி விசையைத் தட்டியதும் முழுச் சொல்லும் ஒரே அடியாக வந்து விழும். ஆறு குறியீட்டுக்கு மேல் இருந்தால் சிவப்புக் குறி. "நான்" என்ற சொல்லுக்குக் குறி இல்லை, நான்கு குறியீடுதான். "பிள்ளைகள்" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு தடவையும் குறி இருந்தது.

இந்த நிரலை நான் ஆங்கிலத்திலும் மலாயிலும் தட்டிச் சோதித்தேன். இரண்டும் விசைக்கு ஓர் எழுத்து. ஆய்வகக் கணினிகளில் உள்ள தமிழ்ப் பலகையிலும் விசை தட்டத் தட்ட எழுத்து விழும். அங்கே எழுதியவர்களுக்குப் பிரச்சினை வரவில்லை. சீனமொழித் தாள் எங்கள் கல்லூரியில் இல்லை. இருந்திருந்தால், அதையும் ரோமன் எழுத்தில்தான் தட்டுவார்கள் என்பதால், முதல் நாளே தெரிந்திருக்கும். தமிழில் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினிப் பிரிவில் இருந்த ஒரே தமிழன் நான்.

நிரூபணம் வேண்டும். சிவப்புக் குறிகளுக்கு முன்னால் இருந்த, எதுவும் பதிவாகாத மௌனங்களை அளந்தேன். பதினான்கு குறியீட்டுச் சொல்லுக்கு முன் ஏறக்குறைய நான்கு வினாடி. ஏழு குறியீட்டுக்கு முன் இரண்டு. சொல் நீள நீள அதற்கு முந்தைய மௌனமும் நீண்டது. நாற்பத்தொரு இடத்தில் சொல் தப்பாக வந்து, அழித்து, மறுபடி தட்டியிருந்தாள். தானாகத் தட்டும் நிரல் எதற்குத் தப்பு செய்யப் போகிறது? அந்த மௌனங்களில் ஒரு பெண் தட்டிக்கொண்டிருந்தாள். என் நிரல் அப்போது காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் அகல்யாவை என் எதிரில் உட்காரவைத்து மூன்று வரி அடிக்கச் சொன்னேன். ஒன்பது சிவப்புக் குறிகள் வந்தன.

"இப்ப நான் காப்பி அடிச்சேனா சார்?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சிருச்சா?"

அவளுக்கு முடிந்துவிட்டது. அப்போதுதான் தினேஷ்வரன் என்ற பெயர் நினைவுக்கு வந்தது.

போன ஜனவரியில் அவன் மறுதேர்வு எழுதினான். அதே தமிழ்த்தாள், சொந்த மடிக்கணினி. இருநூற்றுச் சொச்சம் சிவப்புக் குறி. அவன் ஒத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டான். அதோடு கோப்பு மூடப்பட்டது. நான் பதிவைத் திறக்கவே இல்லை. ஜனவரியில் எதையும் திறக்கவில்லை. இப்போது திறந்தேன். சொல்லுக்குச் சொல் அதே மௌனம். இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

சாமிநாதனிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, இந்தப் புள்ளய காப்பாத்து. புரோகிராமைச் சரி பண்ணு. பழசை ஏன் கிண்டுற? அவன் சைன் போட்டுட்டான் பா."

"செய்யாததுக்குப் போட்டான் சார்."

"அதை யார் நம்புவா? பழசு தப்புன்னு சொன்னா, உன் மெஷினே தப்புன்னு ஆயிரும். அப்புறம் நீ சொல்ற எதையும் கேக்க மாட்டாங்க. இவ கேஸும் சேந்து போயிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமை மௌனங்களின் அட்டவணையைத் திரையில் போட்டேன். அகல்யாவும் குழுவின் முன் தட்டிக் காட்டினாள். துணைப் பதிவாளர் ஒரு மலாய் அம்மையார். நிதானமானவர். பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். அகல்யா குற்றமற்றவள் என்று எழுதி, படித்துக் காட்டி, குழுவினரிடம் கையெழுத்தும் வாங்கினார். பிறகு கோப்பை மூடிக்கொண்டே மலாயில் கேட்டார். இதுபோல் முன்பு நடந்திருக்கிறதா?

சாமிநாதன் மேசையைப் பார்த்தார்.

நடந்திருக்கிறது என்றேன். தினேஷ்வரனின் அட்டவணையையும் போட்டேன்.

துணைப் பதிவாளர் அதை வரிவரியாகப் பார்த்தார். பிறகு அவன் ஒத்துக்கொண்ட படிவத்தை எடுத்துவரச் சொன்னார். அவனுடைய கையெழுத்து. 'வேறொருவர் உதவியையும் மென்பொருளையும் பயன்படுத்தினேன் என்று மனமார ஒப்புக்கொள்கிறேன்.' பதிவு தவறாக இருக்கலாம், ஆனால் இது பதிவைப் பார்த்து எடுத்த முடிவில்லை, இவன் சொன்னதை வைத்து எடுத்த முடிவு என்றார். சட்டப்படி அது சரி. மாணவன் விரும்பினால் அவனே மேல்முறையீடு செய்யலாம் என்றார். அகல்யா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை.

தினேஷ்வரன் குருபோங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்தான். சனிக்கிழமை மதிய இடைவேளையில் வாசலுக்கு எதிரே இருந்த கடையில் பார்த்தேன். நீலச் சட்டை. முன்னங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டான்.

"அப்ப நான் எழுதுனதுதான்னு இப்பத்தான் தெரிஞ்சுதா சார்?"

"ஆமா."

"எனக்கு அன்னைக்கே தெரியும் லா."

பக்கத்தில் இருந்த சக தொழிலாளி சிரித்தான். தினேஷ்வரன் சிரிக்காமல் சாப்பிட்டான்.

மேல்முறையீட்டுத் தாளை எடுத்து வைத்தேன். அவன் தொடவில்லை.

"இதுல என்னான்னு எழுதுறது? மனமார பொய் சொன்னேன்னா? நான் சைன் போட்டப்ப நீங்க ரூம்ல இருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

நினைவில்லை.

"மெஷின் பொய் சொல்லாதுப்பா, ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷத்தோட போயிரும்னு சொன்னீங்க. பேனாவும் உங்களோடதுதான். நீங்க தமிழாளு. நமக்கு நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு போட்டேன்."

தாளைத் திரும்ப எடுத்து மடித்தேன்.

"எனக்குக் காலேஜ் வேணாம் சார். அப்பா பத்து மாசமா என்கூடப் பேசல. அவருகிட்ட வந்து சொல்லுங்க. அது போதும்."

மறுநாள் மாலை செலண்டாருக்குப் போனோம். அவன் மோட்டாரில் முன்னால் போனான், நான் காரில் பின்னால். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வரிசை வீடு. அவன் அப்பா பிச்சைமுத்து, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தினேஷ்வரன் உள்ளே வரவில்லை. மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்றான்.

கணினி, விசை, மில்லிவினாடி எதுவும் பேசவில்லை. உங்கள் மகன் காப்பி அடிக்கவில்லை, எங்கள் கணினி தப்பாகச் சொல்லிவிட்டது என்றேன்.



"அடிக்கலன்னா எதுக்குக் கையெழுத்துப் போட்டான்?"

"நான்தான் போடச் சொன்னேன் ஐயா."

"நீங்க பாத்துட்டுத்தான சொன்னீங்க?"

"இல்ல. பாக்கல."

"பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்."

அவர் வாசலைப் பார்த்தார். மகனைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. எழுந்து பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது; முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

நான் உட்கார்ந்திருந்தேன். போகும்படி யாரும் சொல்லவில்லை.