பன்னிரண்டு டன்

இரு முனையிலும் கீல் வைத்த அந்தத் தற்காலிக இரும்புத் தூண் எவ்வளவு பாரத்தில் வளையும் என்று அக்காதான் ஆற்றல் முறையில், வளையும் வடிவத்தை ஊகித்து, கணக்குப் போட்டாள். வளைவைப் பரவளையம் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். பன்னிரண்டு டன் வந்தது.

"பதினொண்ணு ஏத்தலாமாக்கா?" கட்டட வேலைத் தளத்திலிருந்து தம்பி போனில் கேட்டான்.

"கொஞ்ச நேரத்துக்குத்தானே, தாராளமா ஏத்துடா."

தூண் வளைந்து, அடியில் நின்ற தம்பியை வாரிக்கொண்டு போனது.

இழவு வீட்டு மூலையில் உட்கார்ந்து தூண் நிஜமாக வளையும் சைன் வளைவை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பத்துக்கும் கீழே. நாமாக ஊகித்த வளைவு தூணின் பலத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது. ஜூனியர்களிடம் வாய் வலிக்கச் சொன்னவளே அவள்தான்.

அம்மா வந்து தலையைத் தடவினாள். "அழாதடி. நீ கணக்குல புலி. தூணுதான் சொத்தையா இருந்திருக்கும்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா தாங்குவாளா என்று கணிக்கத்தான் துணிச்சல் வரவில்லை.