இரண்டாம் தரம் கேட்டது

முதுகு பிளந்துவிடும் போலிருந்தது. வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறவளுக்கு நோ இடுப்பில் தொடங்கும். வெயில் ஏற ஏறப் பிடரிக்கு ஏறும். அன்றைக்கு ஏழு மணிக்கே பிடரியில் நின்றது. முந்தின நாள் முழுக்க இன்னொரு தோட்டத்தில் கிழங்கு கிண்டியிருந்தேன்.

இரத்தினம்மா அக்காவின் தோட்டம் அச்சுவேலிச் சந்தைக்குப் போகிற ஒழுங்கையோரம் கிடக்கிறது. மதில் இல்லை, முள்ளுக்கம்பிதான். ஒழுங்கையால் போகிற எல்லோருக்கும் என்னுடைய முதுகு தெரியும். எல்லோரும் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"என்ன சிவக்கொழுந்து அக்கா, புதினம்?" ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போன தர்சினி ரீச்சர் கேட்டா.

"புதினமென்ன, புல்லுத்தான். உங்கடை பாடு?"

"ஓடுது அக்கா."

ஸ்கூட்டர் நிற்கவில்லை. நிற்கவேண்டியதுமில்லை. இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒருவருக்கும் வேண்டாம். புறப்பட்டுப் போகிற ஆளிடம் 'எங்கை போறியள்' என்று நேரே கேட்கிறதில்லை. கேட்டால் போகிற காரியம் சறுக்கும் என்பார்கள். 'தூரமோ?' என்று கேட்போம். 'இல்லை, உதிலை', கிட்டத்தான், என்று நாடியால் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்த 'உதிலை' சந்திக் கடையாகவும் இருக்கும், கொழும்பு பஸ்ஸாகவும் இருக்கும். சம்பந்தம் பேசப் போகிறவர்களும் உதிலைதான் போவார்கள். திரும்பி வரும்போது வேண்டுமானால் 'எங்கை போட்டு வாறியள்?' என்று கேட்கலாம். அதற்கும் ஒரு சொல் போதும். கேட்கப்பட்டவர் திருப்பிக் கேட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

வெட்டிக்கதை என்று இதைச் சொல்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யாதவர்கள். ஒரு மணித்தியாலத்தில் பத்துப் பேர் என்னுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது சின்ன விசயமில்லை.

கனகரத்தினம் அண்ணை சந்தையில் மூட்டை இறக்குகிறவர். அறுபதுக்குக் கிட்ட. விடிய முதல் லொறியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், ஏழே முக்காலுக்குத் திரும்பவும் சைக்கிளில் போவார். நான் 'தூரமோ?' என்பேன். அவர் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுவார்.

"லண்டன் பிள்ளை. இராசாவோடை ஒரு அலுவல்."

"எனக்கு என்ன கொண்டு வருவியள்?"

"உனக்கு ஒரு கதிரை. உந்தக் குந்தலை எவ்வளவு காலத்துக்குக் குந்துவாய்? சரி, உன்ரை புதினம் என்ன?"

பதினொரு வருசமாக இதுதான். நோர்வே, கனடா, டுபாய், ஒருநாள் சந்திரமண்டலம். ஒரு நாளும் அவர் சந்தை என்று சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் சைக்கிளை ஓட்டவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். ரயரில் காற்று இருந்தது.

"என்ன அண்ணை, தூரமோ?"

"சந்தைக்கு," என்றார்.

அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதினம் கேட்கவில்லை. சைக்கிள் உருண்டு போனது.

நான் திரும்பவும் குந்தினேன். ரெண்டு புல்லுப் பிடுங்கினேன். மூன்றாவதாகக் கையில் வந்தது வெங்காயம். பொய்யான பதில் சொல்கிற வரைக்கும் அவர் சுகமாயிருக்கிறார்; உண்மையைச் சொன்னால் அவருக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதை வேறு ஆட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் சிரிக்க மாட்டார்கள்.

ஓடிப்போய் 'உங்களுக்கு என்ன செய்யுது?' என்று கேட்கலாம். ஆனால் அவரை எனக்குத் தெரியும். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்குகிற மனிசன், நடுத்தெருவில் ஒரு பொம்பிளை அப்படிக் கேட்டால் 'எனக்கென்ன?' என்று சைக்கிளில் ஏறி மிதிப்பார். அதிலேயே விழுவார். அதனால் கம்பிக்குக் கீழால் பூந்து, மண்கையோடு பின்னால் போய், அதே கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணை, தூரமோ?"

ஒரே ஆளை ஒரே வழியில் இரண்டு தரம் ஒருவரும் கேட்பதில்லை. அவர் நின்றார். முகம் சாம்பல் நிறம். வேர்வை நாடியிலிருந்து சேட்டுக்குள் வடிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

"கொஞ்சம் தூரந்தான் போலை கிடக்கு, பிள்ளை," என்றார். சைக்கிளைக் கம்பியில் சாய்த்துவிட்டுப் பக்கத்து மதகில் குந்தினார். "நெஞ்சுக்குள்ளை ஒரு மூட்டை ஏறி இருக்குது. இடக்கையும் உளையுது. சந்தைக்குப் போனா மாறியிடும்."

"ஓம், மாறியிடும். இப்ப எழும்பாதையுங்கோ."

எங்கள் ஒழுங்கை ஜெயதீபனின் ஆட்டோ அந்த நேரம் இணுவிலுக்கு ஆள் ஏற்றப் புறப்படுகிறதென்று எனக்குத் தெரியும். காலமைதான் 'உதிலை' என்று தெற்குப் பக்கம் நாடியைக் காட்டியிருந்தான்; அவன் காட்டுகிற தெற்கு இணுவில்தான். போனில் கோல் எடுத்தேன். நான்கு நிமிசத்தில் வந்தான். அண்ணையை ரெண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். நானும் ஏறி அவருடைய தலையைத் தோளில் தாங்கிக்கொண்டேன்.

ஆட்டோ பறந்தது. வழி நெடுகக் கேட்டார்கள். கடை வாசலில் ஏரம்பர் கையைத் தூக்கினார்.

"என்ன ஜெயதீபன், தூரமோ?"

"உதிலை!"

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த தனுசியா எட்டிப் பார்த்தாள். "சிவக்கொழுந்தக்கா, என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை பிள்ளை, உதிலை."

ஒருவருக்கும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். "சொல்லிப் போடாதையுங்கோ," என்றார் ஒருதரம். சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் இருக்கவேண்டியவள் மண்கையோடு ஆட்டோவில் போகிறாள், ஜெயதீபன் குழியைக்கூடப் பார்க்காமல் ஓடுகிறான், கம்பியில் கனகரத்தினத்தின் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. இவ்வளவும் கண்ட சனத்துக்கு 'உதிலை' எந்தத் திசை என்று விளங்காதா?

ஆசுப்பத்திரியில் அவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றிக் கொண்டு போனார்கள். நான் வெளியில் கிடந்த வாங்கில் கொஞ்சம் குந்திவிட்டுக் கையைக் கழுவ இடம் தேடினேன். கழுவி முடியவில்லை, வாசலில் மோட்டசைக்கிள் நின்றது. ஏரம்பருக்குப் பின்னால் கனகரத்தினம் அண்ணையின் மனுசி செல்வநாயகி, அவருடைய மருந்துப் பையோடும் அடையாள அட்டையோடும் இறங்கினா. ஒருவரும் அவவுக்குக் கோல் எடுக்கவில்லை.

"ஏரம்பண்ணை வந்து படலையிலை நிண்டு 'தூரமோ' எண்டு கேட்டார்," என்றா. மூச்சு வாங்கியது. "நான் வீட்டுக்குள்ளை இருக்கிறன், எனக்கென்ன தூரம்? அப்பவே பையைத் தூக்கியிட்டன்."

அந்தப் பைக்குள் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் அறிந்தார். இருதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று அடைத்திருந்ததாம். சந்தைக்குப் போய் ஒரு மூட்டை தூக்கியிருந்தால் அதோடு சரி என்று தாதி எங்கள் முகத்துக்கு நேரே சொன்னா. அண்ணை பதினாறு நாள் படுத்து எழும்பினார். இனி மூட்டை இல்லை. சந்தையில் காவல் வேலை தந்திருக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையைப் பற்றி நான் பெரிதாகக் கதைக்கிறவள் இல்லை. சண்டை இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது. ஆனால் ஒரு மனிசனின் வெட்கத்தை ஒருவரும் தொடாமல், அவருடைய உயிரைக் கைமாற்றிக் கைமாற்றி ஆசுப்பத்திரிக்குச் சேர்த்த சனம் இது.

அன்றைக்குப் பின்னேரம் நான் திரும்பி வர, இரத்தினம்மா அக்கா கம்பியடியில் நின்றா. எல்லாம் அறிந்திருந்தா.

"எங்கை போட்டு வாறாய்?"

"உதிலை அக்கா."

"மனுசன் தப்பினது நல்லது. பாத்தியிலை புல்லு நிக்குது."

"நாளைக்கு முடிச்சுத் தாறன்."

மறுநாள் மழை. அதற்கடுத்த கிழமை வெங்காயம் கிண்டியாகிவிட்டது; புல்லு வெங்காயத்தோடு போனது. கூலியை முன்னமே தந்த இரத்தினம்மா அக்காவுக்கு ஒரு நாள் வேலை நான் இன்னும் கடன்.